76 ரூபாய் குறைந்ததால் பவுன்ஸ் ஆன தவணை: மூன்று மாத அலைச்சல்

மார்ச் 12-ஆம் தேதி மதியம் வீட்டுக் கடன் விஷயமாக வங்கியில் உட்கார்ந்திருந்தேன். கடன் பிரிவு அலுவலர் என் சிபில் அறிக்கையைத் திறந்து பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். "சார், உங்க பர்சனல் லோன்ல ஜனவரி, பிப்ரவரி ரெண்டு மாசமும் லேட்னு காட்டுதே?" என்றார். மாதவாரிக் கட்டங்களில் எல்லாம் 000 என்று இருக்க, கடைசி இரண்டில் மட்டும் 026, 023. எத்தனை நாள் பாக்கி என்பதைச் சொல்லும் எண் அது. டிபிடி என்பார்கள். முந்தைய ஆண்டு 780-க்கு மேல் இருந்த ஸ்கோர் 721-க்கு இறங்கியிருந்தது.

ஜனவரியில் ஒரு தவணை பவுன்ஸ் ஆனது எனக்குத் தெரியும். ஐந்தே நாளில் கட்டியும்விட்டேன். பிப்ரவரித் தவணை சரியாக 5-ஆம் தேதியே கணக்கிலிருந்து போயிருந்தது. பிறகு எப்படி இரண்டு மாதமும் பாக்கி என்று வந்தது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆனது, திருத்த ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால் உதவும் என்றுதான் முழுதாக எழுதுகிறேன்.

ஒரு கடன் நிறுவனத்தில் வாங்கிய அந்த பர்சனல் லோனுக்கு என் தவணை 11,840 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி நாச் என்ற வங்கி ஏற்பாட்டின் வழியாக என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும். கடனுக்கென்றே வைத்திருந்த கணக்கு என்பதால் 12,000 போட்டு வைப்பேன். 2025 ஜனவரி 3-ஆம் தேதி டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணமாக 236 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டது. மீதி 11,764. 76 ரூபாய் குறை. 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள்தானே, திங்கட்கிழமைதான் எடுப்பார்கள் என்று நினைத்து நான் கணக்கைப் பார்க்கவே இல்லை. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் ஓடுகிறது. ஞாயிறு, பண்டிகை என்று எந்த விலக்கும் கிடையாது. கடன் நிறுவனம் காலையிலேயே தவணையைக் கேட்டிருக்கிறது, பணம் போதாமல் திரும்பிவிட்டது.

சாயங்காலம் குறுஞ்செய்தியைப் பார்த்ததும் அதே கணக்கில் 500 ரூபாய் போட்டேன். இப்போது 12,264 இருக்கிறது, மறுபடி கேட்கும்போது போய்விடும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இங்கேதான் தவறு செய்தேன். தவணை திரும்பினால் நம் வங்கியும் ஒரு கட்டணம் போடும். மறுநாள் அந்தக் கட்டணம் வரியோடு 590 ரூபாய் கழிந்தது. மீதி 11,674. 9-ஆம் தேதி கடன் நிறுவனம் இரண்டாவது முறை கேட்டபோது 166 ரூபாய் குறை. மறுபடியும் பவுன்ஸ், மறுபடியும் 590. முதல் பவுன்ஸுக்கான கட்டணமே இரண்டாவது பவுன்ஸை உண்டாக்கிவிட்டது. கணக்கில் பணம் போடுவது வேறு, தவணையைக் கட்டுவது வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி கேட்பார்களா, என்றைக்குக் கேட்பார்கள் என்பதெல்லாம் கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. நாம் நேரடியாக அவர்களுக்குக் கட்டினால்தான் பாக்கி தீரும்.

10-ஆம் தேதி கடன் நிறுவனத்தின் செயலிக்குள் போனேன். தவணையைக் கட்டச் சொல்லும் பொத்தானுக்குப் பக்கத்தில் 11,840 என்று இருந்தது. அந்தத் தொகையைக் கட்டினேன். பணம் வந்துவிட்டது என்று பச்சை நிறத்தில் செய்தி வந்தது. அதைப் படம் எடுத்து வைத்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான்.

சரி, மார்ச்சுக்கு வருவோம். வங்கியிலிருந்து வந்த அன்று ராத்திரி கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை இறக்கி வரி வரியாகப் பார்த்தேன். தவணை அட்டவணையைப் பார்த்தால் இது தெரியாது. எந்தத் தேதியில் எந்தப் பணம் எதற்கு வரவு வைக்கப்பட்டது என்று காட்டும் ஸ்டேட்மென்ட்தான் வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். ஜனவரி 10-இல் நான் கட்டிய 11,840 இரண்டாகப் பிரிந்திருந்தது. முதலில் இரண்டு பவுன்ஸுக்கும் கடன் நிறுவனத்தின் கட்டணம் தலா 500, அதாவது 1,000 ரூபாய். அப்புறம் ஐந்து நாள் தாமதத்துக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்ற கணக்கில் 39 ரூபாய் அபராதக் கட்டணம். இந்த 1,039 போக மிச்சம் 10,801 மட்டும்தான் தவணைக்குப் போயிருந்தது.

ஆக, ஜனவரித் தவணையில் 1,039 ரூபாய் கட்டாத பாக்கியாக நின்றுவிட்டது. தவணை முழுதாகத் தீரும்வரை அது பாக்கிதான். ஆயிரம் ரூபாய் நின்றாலும் சரி, பத்தாயிரம் நின்றாலும் சரி, நாள் கணக்கு ஒரே மாதிரிதான் ஓடும். ஜனவரி 5 முதல் 31 வரை 26 நாள். அதுதான் 026. பிப்ரவரி 5-இல் வந்த பணத்தில் முதலில் பழைய பாக்கியைக் கழித்தார்கள். அதனால் பிப்ரவரித் தவணையில் துண்டு விழுந்தது. பிப்ரவரி 5 முதல் 28 வரை 23 நாள். அதுதான் 023. மார்ச் தவணையிலும் இதே கதை ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்திருக்காவிட்டால் கடன் முடியும்வரை மாதாமாதம் ஒரு கறை விழுந்திருக்கும்.

இதில் எனக்கு ஆதங்கம் தருவது ஒன்று உண்டு. கடன் நிறுவனங்கள் 2025 ஜனவரி 1 முதல் மாதத்தின் 15-ஆம் தேதி நிலவரத்தையும் கடைசி நாள் நிலவரத்தையும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய விதி. ஜனவரி 10-ஆம் தேதியே செயலி 12,879 ரூபாய் என்று காட்டியிருந்தால் அப்போதே கட்டியிருப்பேன். 15-ஆம் தேதி நிலவரத்தில் பாக்கி இருந்திருக்காது. பவுன்ஸ் கட்டணம் என் தவறுக்கான செலவு, அதை ஏற்கிறேன். ஆனால் ஒரு தொகையைக் காட்டி வாங்கிக்கொண்டு, அதை வேறு தலைப்பில் வரவு வைத்து, என்னைப் பாக்கிதாரர் என்று எழுதியதை ஏற்க முடியவில்லை.

மார்ச் 12 இரவே செயலியின் வாடிக்கையாளர் சேவைப் பக்கத்தில் மொத்தப் பாக்கியைக் கேட்டு, 1,081 ரூபாயைக் கட்டிக் கணக்கைச் சுழியமாக்கினேன். வழக்கு பேசுவதற்கு முன் இதைச் செய்வது அவசியம். பாக்கி நிற்கும்வரை நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அதே இரவில் கடன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். மறுநாள் சிபில் தளத்திலும் அந்த இரண்டு மாதப் பதிவுகளின் மேல் ஆட்சேபம் பதிந்தேன்.

இரண்டு இடத்திலும் பதிய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சரி என்றால்தான் மாற்றும். ஆனால் அங்கே பதிந்தால் நமக்கு ஒரு புகார் எண்ணும் தேதியும் கிடைக்கும். புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட விதி. தேதி இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

மார்ச் 19-ஆம் தேதி கடன் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: வாடிக்கையாளர் கட்டணங்களைச் செலுத்தவில்லை, அனுப்பிய தகவல் சரியானது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வரும் பணத்தை முதலில் கட்டணங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அதனால் அந்த வரியோடு சண்டை போடாமல், வேறு மூன்று விஷயங்களை மட்டும் எழுதிக் கடன் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பினேன்.

முதலாவது, ஜனவரி 10-ஆம் தேதிப் படம். தவணை என்று எழுதி 11,840 கேட்டது உங்கள் செயலி, கேட்டதை முழுதாகக் கட்டியிருக்கிறேன். இரண்டாவது, அபராதத்தைக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும், அதன் மேல் மறுபடி வட்டி ஏறக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை. கட்டணத்தைத் தவணைப் பணத்திலிருந்து எடுத்துவிட்டு, தவணையில் விழுந்த துண்டுக்கு மறுபடி அபராதம் போட்டால் அபராதத்தின் மேல் அபராதம் ஏறுகிறது. மூன்றாவது, பாக்கி நாள் இருப்பதாகக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும்போது எனக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். என் எண்ணும் முகவரியும் உங்களிடம் இருக்கின்றன. ஒன்றுமே வரவில்லை. கடைசியில், 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் `cms.rbi.org.in` வழியாகப் போவேன் என்று ஒரே வரியில் எழுதினேன். கோபமாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஸ்டேட்மென்ட்டில் அந்த 1,000, 39, 10,801 மூன்றையும் வட்டமிட்டு இணைத்திருந்தேன். தொலைபேசியில் நான்கு முறை பேசியும் புரியாதது அந்த ஒரு பக்கத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 4-ஆம் தேதி பதில் வந்தது. ஜனவரி 10-ஆம் தேதிப் பணத்தை முழுதாகத் தவணைக்கே வரவு வைப்பதாகவும், இரண்டு மாதப் பதிவையும் திருத்தி அனுப்புவதாகவும், இரண்டாவது பவுன்ஸ் கட்டணமான 500 ரூபாயைத் திருப்புவதாகவும் எழுதியிருந்தார்கள். முதல் பவுன்ஸின் 500 ரூபாயைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் வங்கி எடுத்த 1,180 ரூபாயும் போனதுதான்.

ஏப்ரல் 10-ஆம் தேதி சிபிலில் இரண்டு கட்டமும் 000 ஆனது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக் கடன் அலுவலரிடம் சொன்னபோது, "நாங்க இன்னொரு இடத்துலயும் பார்ப்போம் சார்" என்றார். கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மீதி மூன்றிலும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் 026 அப்படியே இருந்தது. கடன் நிறுவனத்தின் ஏப்ரல் 4 மின்னஞ்சலை இணைத்து அங்கேயும் ஆட்சேபம் பதிந்தேன். ஏப்ரல் 21-இல் அதுவும் மாறியது.

இப்போது அந்தக் கணக்கில் தவணைக்கு மேல் 2,000 ரூபாய் எப்போதும் இருக்கிறது. 4-ஆம் தேதி ராத்திரி ஒரு முறை, 5-ஆம் தேதி மதியம் ஒரு முறை இருப்பைப் பார்க்கிறேன். வீட்டுக் கடன் கோப்பு மே முதல் வாரத்தில் மறுபடி நகர்ந்தது. அலுவலர் புதிய அறிக்கையை எடுத்தபோது ஸ்கோர் 774 இருந்தது.