பஸ்ஸில் கரைந்த 15 மதிப்பெண்கள்

முதுகலைத் தேர்வில் செலவு-நன்மைப் பகுப்பாய்வுத் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு பாலக் கேள்வி. அதில் பெருக்கல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாருடைய நேரம் என்ன விலைக்குப் போகும் என்பதில்தான் பிழை விட்டேன்.

கேள்வியின் சாரம் இது. ஆற்றைக் கடக்க ஒரு புதிய பாலம் வருகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் 12 நிமிடம் மிச்சமாகும். வேலை நாள் ஒன்றில் 20,000 பேர் ஏற்கனவே கடக்கிறார்கள். இவர்களில் 3,000 பேர் பணியின் பொருட்டுப் பயணிப்பவர்கள், 12,000 பேர் வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருபவர்கள், மீதி 5,000 பேர் கடைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகிறவர்கள். சராசரிச் சம்பளம் மணிக்கு 400 ரூபாய்.

வேலைக்குப் போகும் 12,000 பேரையும் நான் பணிப் பயணிகளோடு சேர்த்து அவர்களுக்குரிய முழு விலையையே போட்டேன். வெள்ளவத்தையில் எங்களோடு சேர்ந்து படித்த அண்ணா ஒருவர் விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நீர் நின்றுகொண்டு வரும் நேரத்துக்கு உமக்கு யார் தம்பி சம்பளம் தருகிறார்கள்?"

யாரும் தருவதில்லை. பணி நேரத்தில் 12 நிமிடம் மிச்சமானால் அந்த நிமிடங்கள் முதலாளியின் கைக்குத் திரும்பும். அவர் அதில் வேறு வேலை வாங்கலாம். எனவே அந்த நேரத்தின் விலை, ஊழியருக்காக அவர் செலவழிக்கும் மொத்தத் தொகை. இலங்கையில் சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் முதலாளி கட்டுகிறார். ஆக, மணிக்கு 460 ரூபாய். வேலைக்குப் போய்வரும் நேரமோ பயணியின் சொந்த நேரம். அதைச் சுருக்க அவர் எவ்வளவு கொடுக்கத் துணிவார் என்பதே அதன் விலை. உள்நாட்டு ஆய்வு இல்லாத இடத்தில், பெரியவர்களின் பணி சாராத நேரத்துக்கு வருமானத்தில் 30 சதவீதம் போடலாம் என்பது உலக வங்கியின் 1997ஆம் ஆண்டு வழிகாட்டல். கேள்வியில் அந்த விகிதத்தைச் சம்பளத்துக்குப் பொருத்தியிருந்தார்கள்: 120 ரூபாய்.

இனிக் கணக்கு. 12 நிமிடம் என்பது 0.2 மணி. பணிப் பயணிகள் 600 மணி நேரம், 2,76,000 ரூபாய். மற்ற 17,000 பேர் 3,400 மணி நேரம், 4,08,000 ரூபாய். மொத்தம் நாளொன்றுக்கு 6,84,000. நான் எழுதியதோ 15 இலட்சம். அந்த ஒரு வகைப்படுத்தலே நன்மையை இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிட்டது. பஸ்ஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: உள்ளே நெரியும் பயணிகளின் நேரம் பெரும்பாலும் சொந்த நேரம், சாரதியும் நடத்துநரும் மட்டும் பணியில் இருக்கிறார்கள். வாகனங்களை எண்ணாமல் ஆட்களை எண்ணினால்தான் இந்தப் பிரிப்பு கண்ணில் படும்.

கேள்வியின் இரண்டாம் பகுதியில், பாலம் திறந்ததால் மட்டுமே வரப்போகும் 4,000 புதிய பயணங்கள், எல்லாம் சொந்தப் பயணங்கள். இவர்களுக்கும் 12 நிமிடத்தை முழுதாகக் கொடுக்கக் கை துடிக்கும். ஆனால் இவர்கள் முன்பு வராததற்குக் காரணம், அந்தப் பயணம் அவ்வளவு நேரத்துக்குப் பெறுமதி இல்லை என்பதே. ஒரு நிமிடம் குறைந்திருந்தாலே வந்திருக்கக்கூடியவருக்குக் கிட்டத்தட்ட முழு நன்மை. 12 நிமிடமும் குறைந்த பிறகே மனம் மாறியவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நேரம் குறையக் குறையப் பயணங்கள் கூடுவதைக் காட்டும் கேள்விக்கோட்டை நேர்கோடாகக் கொண்டால், இவர்களின் சராசரி நன்மை முழு நன்மையில் பாதி. 800 மணி நேரம், 96,000 ரூபாய், அதில் பாதி 48,000. நாளுக்கான மொத்தம் 7,32,000 ரூபாய். அந்தக் கோட்டை வரைந்து, அதன் கீழ் இவர்களின் நன்மையாக அமையும் முக்கோணத்தைக் காட்டிவிடுங்கள். பாதி எங்கிருந்து வந்தது என்று விளக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஆண்டுக் கணக்குக்கு 365ஆல் பெருக்காதீர்கள். தரவு வேலை நாளுக்கானது. சனி, ஞாயிறும் மாதந்தோறும் வரும் போயா தினமும் வேறு போக்குவரத்து. இரண்டாம் முறை 250 வேலை நாள் என்று வெளிப்படையாக எழுதி 183 மில்லியன் ரூபாய் என முடித்தேன். விடுமுறை நாள்களுக்குத் தனித் தரவு வேண்டும் என ஒரு வரியும் சேர்த்தேன்.

கடைசியாக, அந்த 12 நிமிடத்தையே சந்தேகியுங்கள். பேலியகொடப் பக்கமிருந்து பாலத்தை விரைந்து கடந்த வாகனம் ஒறுகொடவத்தையில் வரிசையில் நின்றால், பாலத்தின் மேல் அளந்த மிச்சம் பயணிக்குக் கிடைக்காது. வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம்வரை பாலத்தோடும் பாலமின்றியும் ஆகும் நேரங்களைக் கேள்வி தந்திருந்தால், அவற்றின் வித்தியாசத்தை எடுங்கள். பாலத்தின் மேல் அளந்த நேரம் மட்டுமே இருந்தால், அடுத்த சந்தியில் நெரிசல் அதிகரிக்காது என்ற அனுமானத்தை விடையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.