பழைய முட்டையால் வீணான ஒரு நாள்: சம்பா விதைத் தேர்வுக் கூட்டத்துக்குத் தயாரான கதை

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் சம்பா நாற்றங்காலுக்கு முன்னால் விதைத் தேர்வு பற்றிப் பேசச் சொன்னார்கள். உப்புக் கரைசலில் நெல்லைக் கொட்டிப் பதரையும், பாதி மட்டுமே நிரம்பிய கருக்காயையும் ஒதுக்கும் முறை. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு மூன்று கூட்டங்கள் ஆயின.

முதல் கூட்டத்துக்கு 34 ஸ்லைடு கொண்டுபோனேன். மதியம் மூன்று மணி. சமுதாயக் கூடத்தில் ஜன்னலுக்குத் திரை கிடையாது. வெளிச்சத்தில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை, நான் படித்துக் காட்டிக்கொண்டே போனேன். பத்தாவது ஸ்லைடில் கரண்ட் போனது. பின்வரிசை மெல்ல எழுந்து போய்விட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வயல் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நான் பாடப்புத்தகம் வாசித்திருக்கிறேன்.

இரண்டாவது முறை ஸ்லைடே வேண்டாம் என்று முடிவு செய்து, எட்டுப் படங்களைப் பெரிதாக அச்சடித்தேன். நல்லவேளையாக, கூட்டத்துக்கு முன்னால் அவற்றை டீக்கடையில் நாலு பேரிடம் காட்டினேன். கருக்காயைப் பிளந்து, நெருக்கமாக எடுத்த படம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன கொட்டைம்மா?" என்றார். நெல் என்றேன். "நம்ம நெல்லு இவ்ளோ பெருசா இருக்காதே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அளவு தெரிய அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. அன்றே அதே நெல்லை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலும் தெரிகிற மாதிரி மறுபடி எடுத்தேன். அதைக் காட்டியபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. புழு, பூச்சிப் படங்களுக்கும் இதே சிக்கல் வரும். படத்தில் இருக்கிற அளவுக்குப் பெரிய பூச்சி தன் வயலில் இல்லை என்று விவசாயி நிம்மதியாகப் போய்விடுவார்.

இன்னொரு தாளில் செய்முறையை நாலு கட்டமாகப் பிரித்துப் போட்டிருந்தேன். அதை ஒருவர் இடமிருந்து வலமாகப் பார்த்தார், இன்னொருவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் வரிசையில் நெல்லைக் கொட்டிய பிறகுதான் உப்புப் போட வேண்டும். உடனே அந்தத் தாளை வெட்டி, ஒரு தாளுக்கு ஒரு படம் என்று மாற்றினேன். நாலு பேரிடம் காட்ட அரைமணி நேரம்தான் ஆனது. அதைச் செய்யாமல் அச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

படங்கள் சரியாகிவிட்டன. அன்று கெடுத்தது செயல்விளக்கம்.

முறை இதுதான்: தண்ணீரில் முட்டையைப் போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் தயார். பத்து லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். நான் ஐந்து லிட்டர் எடுத்திருந்தேன், அப்படியென்றால் முக்கால் கிலோ. ஆனால் கால் கிலோ கரைவதற்குள்ளேயே முட்டை மேலே வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்த பதற்றத்தில், "பாருங்க, மிதக்குது" என்று சொல்லி நெல்லைக் கொட்டினேன். வெறும் பதர் மட்டும் மேலே வந்தது. பாதி நிரம்பிய கருக்காய் எல்லாம் நல்ல நெல்லோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. "இதைத்தான் நாங்க பச்சைத் தண்ணியிலயே செய்றோமே" என்றார் முன்வரிசையில் ஒருவர். பதில் சொல்ல முடியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு வயதான அம்மா. முட்டையை எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது எத்தனை நாளு முட்டை?" முதல் நாள் கடையில் வாங்கியது என்றேன். "நீ வாங்குனது நேத்து. கோழி எப்போ போட்டுச்சோ" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. முட்டை பழசாக ஆக அதற்குள்ளிருக்கும் ஈரம் ஓடு வழியாகக் குறைந்து, காற்றறை பெரிதாகிறது. எடை குறைந்த முட்டை, உப்பு போதாத தண்ணீரிலேயே மிதந்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: உப்புப் போடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். பழசு ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நின்றால் அதை வைத்துவிட்டு வேறு முட்டை எடுங்கள். முட்டையைக் கடையில் வாங்குவதைவிட அந்த ஊரிலேயே கோழி வளர்க்கிற வீட்டில் அன்று காலை இட்டதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது கூட்டத்துக்கு முட்டை அந்த அம்மா வீட்டிலிருந்தே வந்தது. வாளியில் செய்தால் முன்னால் நிற்கிற நாலு பேருக்குத்தான் தெரியும் என்பதால், தெளிவான பிளாஸ்டிக் தண்ணீர் கேன்களின் வாயை அகலமாக வெட்டி நாலு வைத்தேன். கேனுக்குப் பதினைந்து பேர். அவர்களே கலக்கினார்கள், நான் கை வைக்கவில்லை. நாலணாக் காசு புழக்கத்திலிருந்து போய்ப் பல வருடம் ஆகிவிட்டதால், இளம் வயதுக்காரர்களுக்கு அளவு தெரியவில்லை. பழைய காசு ஒன்றைத் தேடி எடுத்துப்போயிருந்தேன். அது கைமாறிக்கொண்டே இருந்தது.

ஒரு கேனில் மட்டும் முட்டை மேலேயும் வராமல், கீழேயும் போகாமல் நடுவில் நின்றது. கல்லுப்பு அடியில் கரையாமல் கிடந்து, அடித்தண்ணீர் மட்டும் கனமாகியிருந்தது. இன்னும் உப்பு போடப் போனவரைத் தடுத்து, அடிவரை கலக்கச் சொன்னேன். கலக்கிய பிறகு முட்டை முழுகிவிட்டது. அதற்கப்புறம்தான் மீதி உப்பு.

விதைநெல் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது, பெரும்பாலும் சி.ஆர். 1009 ரகம். கொட்டியதும் எல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கும். நெல் மேல் ஒட்டிய காற்றுக்குமிழிகள்தான் காரணம். கையால் நன்றாகக் கிளறிவிட்டால் நல்லது இறங்கிவிடும். கிளறாமல் அரித்தால் நல்ல விதையும் போய்விடும். இந்தத் தடவை மேலே வந்ததை அரித்து எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்த்தார்கள். கருக்காய். யாருடைய விதையில் அதிகம் மிதந்தது என்று நான் பெயர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, அடுத்த முறை அவர் வரமாட்டார்.

மூழ்கிய விதையை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். நேரமாகிவிட்டதே என்று இதை வாயால் மட்டும் சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். ஒரு பெண் கேட்டார்: "அக்கா, அப்போ இதை இப்படியே சாக்குல கட்டி முளைப்பு போட்டுடலாமா?" சொன்னது அவர் காதில் விழவேயில்லை. திரும்ப வந்து மூன்று தடவை கழுவிக் காட்டினேன். காட்டாத படி, அவர்களைப் பொறுத்தவரை இல்லாத படி.

நோய் வராமலிருக்க விதையோடு சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைக் கலப்பதையும் சேர்க்க ஆசைப்பட்டேன், விட்டுவிட்டேன். அது இன்னொரு நாளுக்கு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்திருந்தேன். ஆறு நாளுக்கு முன்னால் அந்த ஊர் நெல்லையே வாங்கி, மூழ்கியதில் 100, மிதந்த கருக்காயில் 100 எண்ணி, தனித்தனி ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன். கடைசியில் இரண்டு துணியையும் விரித்து, அவர்களையே எண்ணச் சொன்னேன். மூழ்கியதில் 92 முளைத்திருந்தது. மிதந்ததில் 31, அதிலும் பாதி நூல் மாதிரி மெலிந்து கிடந்தது. பச்சைத் தண்ணீர் போதும் என்று சொன்னவரும் வந்திருந்தார். குனிந்து இரண்டாவது தடவை எண்ணினார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஒரு மூட்டை விதைக்கு எவ்ளோ உப்பும்மா?" என்று கேட்டார்.

ஒரே கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுக்கலாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் முட்டையை விட்டுப் பார்த்து, இறங்கினால் உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் அண்டாவோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மூன்று முட்டை.