ரோட்டோ மேசையிலிருந்து கம்போசிட்டிங்குக்கு

டிவி சானல் ஒன்றில் கிராபிக்ஸ் டிசைனராக இருந்த வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோவில் ரோட்டோ ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தேன். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. "எல்லாரும் மேல ஏறுவாங்க, நீ ஏன்டா இறங்குற?" என்று அப்பா வருத்தப்பட்டார். தனித்தனியாக எடுத்த படங்களை ஒரே காட்சியாகச் சேர்ப்பவர் கம்போசிட்டர். எனக்கு அந்த வேலைக்குப் போக வேண்டும். அனுபவம் இல்லாத ஆளை உள்ளே விடும் கதவு ரோட்டோதான்.

காட்சியில் இருக்கும் ஆளின் ஓரத்தைச் சுற்றி வரைந்து, பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான் ரோட்டோ. நொடிக்கு 24 பிரேம் என்றால், நாலு நொடி ஷாட்டில் 96 பிரேம். ஆள்பலம் நிறையத் தேவைப்படுவதாலும் இங்கே செலவு குறைவு என்பதாலும்தான் ஹாலிவுட் படங்களின் ரோட்டோ வேலை இவ்வளவு தூரம் இந்தியாவுக்கு வருகிறது.

ஒரு பெண் நடந்துகொண்டே தலைமுடியைக் கோதும் ஷாட் ஒன்று வந்தது. புதிதாக வருபவர்கள் உடம்பு முழுவதையும் ஒரே வடிவமாக வரைந்து, பிரேம் பிரேமாகத் திருத்துவார்கள். நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இருக்கும், ஓடவிட்டால் ஓரம் நடுங்கும். தலை, மேல்கை, முன்கை, விரல்கள் என்று மூட்டு மூட்டாகப் பிரித்து, அசைவு திரும்பும் இடங்களில் மட்டும் முதலில் வடிவத்தைக் கையால் பொருத்தி கீபிரேம் போட வேண்டும். இடைப்பட்ட பிரேம்களை மென்பொருளே நிரப்பும். அப்புறம் நடுவில் விலகும் இடங்களைத் திருத்த வேண்டும். வேகமாக அசையும் கை மங்கலாகத் தெரியும். அந்த மங்கலின் வெளி விளிம்பில் கோடு போட்டால் கை தடித்துவிடும். கோடு மங்கலின் நடுவில் போக வேண்டும், மிச்சத்தை மென்பொருளின் மோஷன் பிளர் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு வழி திறந்தது இந்த ஓரங்களால்தான். நான் கொடுத்த ஓரம் கம்போசிட்டிங்கில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள, வேலை முடிந்த பிறகு ஒரு சீனியர் அண்ணனின் அருகில் உட்கார்ந்து கம்போசிட்டிங் மென்பொருளான நியூக்கில் அவர் வேலை செய்யும் கோப்பைப் பார்ப்பேன். முடியின் மெல்லிய இழைகளை அவர் பெரும்பாலும் நிறம், வெளிச்ச வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கும் கீயிங்கில் எடுத்துவிடுவார் என்று அங்கேதான் புரிந்தது. அதிலிருந்து, கெட்டியான பகுதியையும் தனித்துத் தெரியும் சில கற்றைகளையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பினேன். அவருக்குத் திருத்தம் குறைந்தது. நடிகர்களைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிகளைக் காட்சியிலிருந்து அழிக்கும் பெயிண்ட் வேலை வந்தபோது அவரே என்னைக் கேட்டு வாங்கினார். கம்போசிட்டிங்குக்கு அதுதான் அடுத்த படி.

எல்லா ஸ்டுடியோவிலும் இப்படி நடக்காது. ரோட்டோ மட்டுமே செய்யும் இடங்களில் கம்போசிட்டரே இருக்க மாட்டார், எத்தனை வருடம் உழைத்தாலும் அடுத்த மேசை கண்ணில் படாது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, வெளிநாட்டு வேலையை மட்டுமே நம்பியிருந்த இடங்களின் பாடு இன்னும் கஷ்டம். அதனால், சேரப்போகும் தம்பி தங்கைகள் நேர்காணலிலேயே இரண்டைக் கேளுங்கள்: இங்கே கம்போசிட்டிங் நடக்கிறதா, கடைசியாக ரோட்டோவிலிருந்து அங்கே போனவர் யார்? முடிந்தால் அவரிடமே பேசிவிட்டு வாருங்கள்.