அப்பாவின் காது நன்றாகத்தான் இருக்கிறது

அப்பாவுக்குக் காது போய்விட்டது என்ற செய்தி மன்னார்குடியில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்கு வந்தது. தங்கச்சி மாமனார் அங்கிருந்து போன் செய்திருக்கிறார். எடுத்த அப்பா, "ஹலோ, யாரு? ஹலோ! பேச வாயில்லையா? வைடா போனை" என்று வைத்துவிட்டார். சம்பந்தியை வாடா போடா என்று பேசியது தஞ்சாவூர் ஜில்லாவில் இதுவே முதல்முறையாக இருக்கும்.

அடுத்த பஸ்ஸில் சித்தப்பா வந்து இறங்கினார். காது டாக்டருக்குத் தஞ்சாவூரில் டோக்கன் போட்டாயிற்று என்றார். சித்தப்பாவுக்கு வேறு வேலை கிடையாது, உங்களுக்குத்தான் தெரியுமே.

ஊருக்குப் போய்ப் போனைக் கையில் வாங்கினேன். மேலே குட்டியாக ஹெட்போன் படம். போனில் ஒன்றும் சொருகவில்லை. அப்பா ஜென்மத்தில் ஹெட்போன் மாட்டியதில்லை. ஆனால் போனைப் பொறுத்தவரை அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தையெல்லாம் இல்லாத ஹெட்போனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் ஏமாந்த இடம் ரிங்டோன். ஹெட்போன் மாட்டியிருந்தாலும் ஆண்ட்ராய்டு போனில் ரிங்கும் அலாரமும் ஸ்பீக்கரிலும் அடிக்கும், இல்லையென்றால் கால் வந்ததே தெரியாமல் போய்விடும். ஆக ரிங் தெருமுனை வரை கேட்கிறது, எடுத்தால் நிசப்தம். "போன் நல்லாத்தான் இருக்கு, இவருக்குத்தான் காது கேக்கல" என்று சித்தப்பா தீர்ப்பு எழுதியது இந்த ஆதாரத்தில்தான். சொருகியிருப்பது மைக் இல்லாத ஹெட்போன் என்று போன் முடிவு செய்ததால், தன் சொந்த மைக்கைத் திறந்தே வைத்திருந்தது. அப்பா திட்டியதில் ஓர் எழுத்து குறையாமல் மன்னார்குடிக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

கடைத்தெருவில் காட்டியிருக்கிறார்கள். "போர்டு போயிடுச்சு, ஐசி மாத்தணும்" என்றானாம். கடைக்காரன் டார்ச் அடித்து ஹெட்போன் சொருகும் ஓட்டைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

போனுக்குக் கண்ணா இருக்கிறது, ஹெட்போன் பின் வந்ததா இல்லையா என்று பார்க்க? ஓட்டைக்குள் மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று உண்டு. பின் உள்ளே போனால் தகடு நகரும். அதில் ஒரு தொடர்பு அறும், சில மாடல்களில் சேரும். அந்த ஒரு கம்பியில் மாற்றம் தெரிந்தால் ஹெட்போன் வந்துவிட்டது என்று அர்த்தம். தகட்டைத் தள்ளியது பின்னா, பஞ்சா என்று அதற்குத் தெரியாது. பஞ்சில் வியர்வை ஈரமும் சேர்ந்தால் தகடு நகராமலேயே அக்கம்பக்கத்துத் தொடர்புகளுக்கு நடுவே லேசாக மின்சாரம் கசிந்து, அதுவும் பின் மாதிரியே தெரியலாம். அணைத்துப் போட்டாலும் அந்தப் படம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வது அதனால்தான். அழுக்கு அங்கேயேதானே இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையனின் ஹெட்போனை வாங்கிச் சொருகிப் பார்த்தேன். பின் முழுசாக இறங்கவில்லை, 'க்ளிக்' என்று உட்காராமல் கொஞ்சம் வெளியே நின்றது. அடியில் ஏதோ அடைத்திருக்கிறது. அதற்கு மேல் அழுத்தவில்லை. அழுத்தினால் அழுக்கு இன்னும் இறுகத்தான் செய்யும்.

அம்மா ஊக்கை நீட்டினாள். கூடாது. இரும்பு பட்டுத் தகடு வளைந்தால் கடைக்காரன் சொன்னது நிஜமாகிவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் வேறு. போனை அணைத்துவிட்டு, மரத்தில் செய்த பல்குத்தும் குச்சியின் நுனியைச் சீவி இன்னும் மெலிசாக்கினேன். டார்ச்சை அம்மா பிடித்தாள். நடுவில் குத்தாமல், சுவரோரமாக இறக்கி மெல்லத் திருப்பி வெளியே இழுக்க வேண்டும்.

வந்தது பாருங்கள். முதலில் சட்டைப் பையின் வெள்ளைப் பஞ்சு. அப்புறம் வைக்கோல் துரும்பு. அதற்கப்புறம் சீவல் தூள். கடைசியாக விபூதியும் வியர்வையும் சேர்ந்து இடித்த அவல் மாதிரி தட்டையாக ஒரு வில்லை. கும்பகோணத்துச் சீவல் பொட்டலம், கோயில் விபூதி மடித்த காகிதம், கொள்முதல் நிலையத்து ரசீது எல்லாவற்றோடும் போனை அதே பையில் தலைகீழாகப் போட்டால் வேறென்ன வரும்? ஓட்டை போனின் அடியில் இருக்கிறது, தலைகீழாகப் போட்டால் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும்.

போனைப் போட்டேன். படம் போயிருந்தது. அப்பா முதல் காரியமாகச் சம்பந்திக்குப் போன் போட்டு, "அது பஞ்சுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ.

அம்மா முகம் மட்டும் சரியில்லை. சம்பந்தியைத் திட்டிய பிறகு இத்தனை நாளும் அப்பா கால் வந்தவுடன் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திப் பேசியிருக்கிறார். அது ஒன்றுதான் கேட்டது. அத்தை வீட்டு வரன், பெரியப்பாவின் பாகப்பிரிவினை, யார் நெல் ஈரம் என்று திரும்பி வந்தது, எல்லாம் அம்மாவுக்கு அடுப்படியிலிருந்தே தெரிந்திருக்கிறது. கல்யாணமான நாள் முதல் "யாரு போன்ல?" என்று கேட்டு "ஒண்ணுமில்ல" என்ற பதிலை வாங்கிக்கொண்டிருந்தவள்.

"நல்லா இருந்ததை ஏண்டா நோண்டுன?" என்றாள்.

அப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார், தலைகீழாக. நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முறைத்தாள். சரி, எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.