1910-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றைப் படியெடுத்த அனுபவம்

பாகப்பிரிவினைக்காக எங்கள் குடும்பத்து நஞ்சை ஒன்றின் மூலப் பத்திரத்தை இன்றைய எழுத்தில் படியெடுத்துத் தரும்படி வக்கீல் கேட்டிருந்தார். மாயவரம் பக்கத்து நிலம்; பழைய தஞ்சாவூர் ஜில்லா. நான் முதலில் செய்தது, பத்திரத்தை வரிக்கு வரி, உள்ளது உள்ளபடியே எழுதிக்கொண்டதுதான். பொருள் விளங்கிய பின் எழுதலாம் என்று காத்திருந்தால், கை தானாகவே இக்காலத்துச் சொல்லைப் போட்டுவிடும்.

எழுதியவர் எங்கும் புள்ளி வைக்கவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். ஆகவே 'பரகம' என்று தெரிவதைப் 'பாகம்' என்று இடம் பார்த்துத்தான் கொள்ள வேண்டும். நாள், மாதம், வருடத்துக்கு முறையே ௳, ௴, ௵ என்ற குறிகள் நின்றன. ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஆனால் தமிழ் வருடம் சௌமிய, மாதம் தை, நிலவரிக் கணக்கு ஆண்டான பசலி 1319 என்று மூன்றும் தெளிவாக இருந்தன. சௌமிய வருடம் 1909 ஏப்ரலில் தொடங்குகிறது. பசலி 1319 என்பது 1909 ஜூலை முதல் 1910 ஜூன் வரை. அதில் வரும் தை மாதம் 1910-ஐச் சேர்ந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது ௸ என்னும் மேற்படிக் குறி. '௸ யார்', '௸ ஊர்', '௸ நெம்பர்' என்று அது பத்திரம் முழுக்க வருகிறது. ஒவ்வொரு முறையும் சுட்டுவது வேறு. விற்றவரும் வாங்கியவரும் ஒரே வரியில் வரும் இடங்களில் '௸ யார்' யார் என்று தீர்மானிப்பதற்கு, பணம் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. குறியை அப்படியே விட்டு, நான் கொண்ட பொருளைச் சதுர அடைப்புக்குள் தனியே எழுதினேன்.

'நிதி நிக்ஷேப ஜல பாஷாண' என்று தொடங்கி, நிலத்தோடு சேரும் எட்டு உரிமைகளைச் சொல்லும் அஷ்டபோக வரி மடிப்பில் கிழிந்திருந்தது. அது வழக்கமான வாசகம் என்பதால் 'அக்ஷீணி ஆகாமி சித்த சாத்தியங்கள்' என்று நிரப்ப முடிந்தது; நிரப்பியதும் அடைப்புக்குள்தான் இருக்கிறது. பெயர், தொகை, பரப்பு ஆகியவற்றில் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பரப்பில்தான் சிக்கல் வந்தது. தமிழ்ப் பின்னக் குறிகளில் எழுதியிருந்ததை நான் 'மும்மா காணி' என்று படித்தேன். உறவினர் ஒருவரும் அப்படியே படித்துவிட்டு, நிலம் இரண்டே கால் ஏக்கருக்கு மேல் என்று கணக்குப் போட்டிருந்தார். செங்கல்பட்டுப் பக்கத்தில் காணி என்பது 1.32 ஏக்கர், அதை மூன்று மாவுடன் கூட்டினால் 2.31 வருகிறது. தஞ்சாவூர்க் கணக்கோ வேறு. அங்கே 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. காணி என்பது வேலியில் 80-இல் ஒரு பங்கு, அதாவது 25 குழி. மும்மா காணி ஆக 325 குழி, 46,800 சதுர அடி, ஏறத்தாழ 1.07 ஏக்கர். தீர்வையைக் குறிக்கும் வரியில் 'ஏக்கர் 1.07' என்றே இருந்ததால் படித்ததும் கணக்கும் ஒத்துப்போயின. பெரிய அளவுக்குப் பின்னால் சிறிய அளவு வரும் என்ற வரிசையைக் கவனித்திருந்தாலே, மாவுக்குப் பின் நிற்கும் காணி மாவைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று தெரிந்திருக்கும்.

இந்தப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன என்றாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் வெறும் கட்டமாகவே தெரிகின்றன. அதனால் தட்டச்சில் சொல்லால் எழுதி, மூலத்தின் அந்த வரியைப் படமாக இணைத்தேன்.

நான்கெல்லையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'வாய்க்காலுக்குக் கிழக்கு' என்றால் நிலம் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிறது. வாய்க்கால் நிலத்தின் மேற்கெல்லை. இதைக் கிழக்கெல்லை வாய்க்கால் என்று சுருக்கி எழுதினால் வரைபடமே திரும்பிவிடும்.

பத்திரத்தின் பின்புறத்தில் பதிவு முத்திரையோடு 1-ஆம் புத்தகத்தின் வால்யூம், பக்கம், பத்திர நெம்பர் இருந்தன. அக்காலத்தில் பத்திரத்தை அந்தப் புத்தகத்தில் குமாஸ்தா கையாலேயே நகலெடுத்து வைப்பார்கள் என்பதால், சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டேன். கிடைத்தது இன்னொருவர் கையெழுத்து. அதில் புள்ளிகளும் ஆங்காங்கே இருந்தன. எனக்குத் தெளிவில்லாத ஒரு சாட்சியின் பெயர் அதில்தான் தெரிந்தது. பழைய சர்வே நெம்பரை இன்றைய புல எண்ணோடு பொருத்துவது மட்டும் படியெடுப்பில் சேராது என்பதால், இரண்டு படிகளையும் தாலுகா அலுவலகப் பதிவேடுகளோடு ஒப்பிடும் வேலையை வக்கீலிடம் விட்டுவிட்டேன்.