கெய்சர் வீதி: கடன் கேட்கும் நாட்கள்

மார்ச் 3, திங்கள்

புதுவருஷ வியாபாரம் தொடங்கிவிட்டது. பழைய காசு வந்தால்தான் புதுத் துணி இறக்கலாம் என்கிறார் முதலாளி. எங்களிடம் கடனுக்குத் துணி எடுத்து முப்பது நாள் தவணை தாண்டிய கடைக்காரர் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் ஒரே செய்தி அனுப்பினேன்: "உங்கள் நிலுவையை உடனடியாகச் செலுத்தவும்."

மார்ச் 6, வியாழன்

வவுனியா அண்ணை பார்த்துவிட்டார், பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. கணக்கைப் புரட்டினேன்: இரண்டு வருஷத்தில் ஒரு தவணைகூடத் தப்பவில்லை. பில் போனதும் "சரி தம்பி" என்று எழுதுகிற மனிதர் திடீரென்று பேசாமல் இருந்தால் அது ஏய்ப்பு இல்லை, கூச்சம்.

நீர்கொழும்புக்காரர் நேர்மாறு. கட்டைவிரல் படமும் "நாளைக்கு தம்பி"யும் உடனே வரும். மூன்று கிழமையாக அதே நாளைதான். "அண்ணே, முடிஞ்சா பாருங்கோ" என்று பெப்ரவரியில் நான்தான் அவரைப் பழக்கியிருக்கிறேன்.

என் செய்தி ஒருவரைச் சுட்டது, மற்றவரைத் தொடவே இல்லை. 'உடனடியாக' என்பது ஒரு திகதி அல்லவே.

மார்ச் 7, வெள்ளி

வவுனியாவுக்கு: "அண்ணை, ஜனவரி 20 பில்லில் 85,000 ரூபா மிச்சம் இருக்கு. இந்தக் கிழமை எவ்வளவு போடலாம் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்துக்கு வேற திகதி வைப்பம்." எவ்வளவு என்று கேட்டால் சின்னத் தொகையையும் தயங்காமல் சொல்லலாம்.

நீர்கொழும்புக்கு: "ஐயா, ஜனவரி 16 பில் 140,000 ரூபா. மார்ச் 12 புதன் பின்னேரம் நாலு மணிக்குள் வங்கியில் போட வேண்டும். அதுவரை புதுச் சரக்கு ஏற்ற மாட்டோம்." கடைசி வரியை எழுதுமுன் முதலாளியிடம் கேட்டேன், வாகனம் வந்து நின்றாலும் ஏற்றமாட்டோமா என்று. அவர் சம்மதிக்காவிட்டால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டேன். கோபச் சொல் ஒன்றும் வைக்கவில்லை.

மார்ச் 8, சனி

வவுனியா அண்ணை அவரே எடுத்தார். தாயார் ஆஸ்பத்திரியில். "உடனடியா எண்டதைப் பார்த்ததும் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல தம்பி." 30,000 போட்டுவிட்டார், மிச்சம் 25ஆம் திகதி. இல்லாத காசை எந்தத் தொனியில் கேட்டாலும் வராதுதான்; திகதியாவது வந்தது.

மார்ச் 12, புதன்

நேற்றும் ஒரு கட்டைவிரல் வந்தது. பழைய பழக்கத்தில் சிரித்த முகம் ஒன்றைத் தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். இன்று காலை வாகனம் வந்து வெறுமையாக நின்றது. இரண்டரைக்கு வங்கிச் சிட்டையின் படம் வந்தது, முழுத் தொகை. அப்புறம்தான் "நன்றி அண்ணே" என்று எழுதினேன். மூன்றரைக்குச் சரக்கு ஏறியது.

கம்பளையில் ஒரு புதுக் கடை, இதுவரை ஒரே ஒரு பில். ஆள் எப்படி என்று தெரியாது. பணிவாக, ஆனால் திகதியோடு, முதல் செய்தி போயிருக்கிறது.