மெல்பேர்ணுக்கு ஒரு ஞாயிறு

"அண்ணா, நீங்கள் நேரலைக்கு வரும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடுகிறது. நான் எப்போது பேசுவது?"

இன்று காலை வந்த பின்னூட்டம். டிக்கோயாவில் பிறந்து மெல்பேர்ணில் வாழும் ஒரு தங்கை எழுதியிருந்தார்.

ஹட்டனில் ஞாயிறு இரவு 8 மணி என்றால், ஜூலையில் லண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30. மெல்பேர்ணில் திங்கள் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

பதிவு செய்த காணொளி காத்திருக்கும். நேரலை காத்திருக்காது.

பார்வையாளர்கள் எப்போது வருகிறார்கள் என்று யூடியூப் காட்டும் ஊதா வரைபடத்தை நம்பித்தான் 8 மணியைத் தேர்ந்தேன். அது எல்லா ஊர்களையும் ஒன்றாகக் கலந்து, நம் நேரத்தில் காட்டுகிறது. கூட்டம் அதிகமான ஊர்கள் அடர்ந்து தெரியும், மெல்பேர்ண் மங்கிவிடும்.

மூன்று ஊர்களுக்கும் வசதியான நேரம் கிடையாது. எனவே மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகல் 2.30க்கு வருகிறேன். மெல்பேர்ணில் இரவு 7, லண்டனில் காலை 10. ரொறன்ரோவில் விடியற்காலை 5. அவர்களுக்கு மற்ற ஞாயிறுகள் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் கடிகாரம் மாறாது, அவர்களுடையது மாறும். லண்டன் அக்டோபர் கடைசி ஞாயிறில் ஒரு மணி நேரம் பின்னே போகும். ரொறன்ரோ நவம்பர் முதல் ஞாயிறில்தான். அக்டோபர் கடைசி ஞாயிறில் லண்டன்காரர்கள் வழக்கம்போல 3.30க்கு வந்தால், நேரலை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இனி அறிவிப்பில் ஒவ்வோர் ஊரின் நேரத்தையும் தனித்தனியே எழுதுவேன். முதல் பிற்பகல் நேரலை வரும் ஞாயிறு.